கையெழுத்து அரபி படிக்க வரவில்லையா? அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

மதரஸாவில் ஓதிப் பழகியவர்கள், வளைகுடாவுக்கு வேலைக்கு வந்து கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டியே அரபி கற்றவர்கள், வகுப்பில் முறையாகப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் பேனாவால் எழுதிக் கொடுத்த வாடகை ரசீது, காரேஜில் கிறுக்கித் தந்த பில், அலுவலகத்தில் யாரோ மேசைமேல் ஒட்டிவிட்டுப் போன துண்டுச் சீட்டு. அச்சில் இருந்தால் சட்டென்று படித்துவிடக்கூடிய சொற்கள்தான். பேனாவில் வந்தால் வெறும் கோடும் வளைவுமாகத் தெரிகின்றன.

எழுதியவரின் கை மோசம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகமும் செய்தித்தாளும் அச்சாகும் பாணிக்கு நஸ்க் என்று பெயர். எகிப்திலிருந்து சிரியா, இராக், சவுதி வரைக்கும் மக்கள் அன்றாடம் கையால் எழுதுவது பெரும்பாலும் ருக்ஆ பாணியைச் சார்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உஸ்மானிய அலுவலகங்களில் வேகமாக எழுதுவதற்காக இஸ்தான்புல்லில் ஒழுங்குபடுத்தப்பட்ட பாணி இது. மும்தாஸ் எஃபெந்தி என்ற எழுத்தர் இதற்கு விதிகள் வகுத்ததாகச் சொல்வார்கள். துருக்கி 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டது. அரபு நாடுகளின் பள்ளிக்கூடங்களிலோ ருக்ஆ இன்றைக்கும் இருக்கிறது. பிள்ளைகள் முதலில் நஸ்க் படித்துவிட்டு, அப்புறம் ருக்ஆ பழகுகிறார்கள். நாம் முதல் பாதியோடு நின்றுவிட்டோம், அவ்வளவுதான் கோளாறு.

கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு எது இடிக்கிறதோ அதற்குப் போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் தவிர்க்காதீர்கள்.

முதல் சோதனை: கையில் இருப்பது ருக்ஆதானா?

சீட்டில் எங்காவது ஒரு ரா ر அல்லது வாவ் و தேடிப் பிடியுங்கள். நஸ்கில் இந்த இரண்டு எழுத்தின் வாலும் கோட்டுக்குக் கீழே இறங்கும். ருக்ஆவில் இறங்காது, கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். நூன் ن, ஸீன் س, காஃப் ق, யா ي எழுத்துகளின் கிண்ணமும் அப்படித்தான். நஸ்கில் கீழே தொங்குகிற கிண்ணம், ருக்ஆவில் கோட்டின் மேல் ஏறி நிற்கும்.

ருக்ஆவில் கோட்டுக்குக் கீழே இறங்கும் எழுத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ج ح خ ஒரு குடும்பம், ع غ ஒரு குடும்பம், பிறகு மீம் م, கடைசியாகச் சொல்லின் நடுவில் வரும் ஹா ه. அரபுப் பிள்ளைகள் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். நாமும் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் இது தலைகீழாகவும் வேலை செய்யும். கோட்டுக்குக் கீழே ஏதாவது இறங்கினால், அது இந்த ஏழில் ஒன்றாக இருக்க வேண்டும். அச்சுப் பழக்கத்தில் "கீழே வால் போகிறது, ராவாக இருக்கும்" என்று ஊகித்தால் தப்பாகப் போகும்.

ரா கீழே இறங்கியிருந்து, ஸீனுக்குப் பல்லும் தெளிவாக இருந்தால், எழுதியவர் நஸ்கைத்தான் கையால் எழுதியிருக்கிறார். பொறுமையாகப் பார்த்தாலே படித்துவிடலாம், இந்த வழிகாட்டி அதற்குத் தேவைப்படாது. நிஜத்தில் அதிகம் கிடைப்பது கலவை. ஒருவர் ஸீனை ருக்ஆவிலும் ராவை நஸ்கிலும் எழுதுவார். கலவையாக எழுதினாலும் ஒரே ஆள் ஒரே சீட்டில் ஒரே மாதிரிதான் எழுதுவார். தெரிந்த சொல்லில் ஓர் எழுத்தின் வடிவத்தைப் பிடித்துவிட்டால், தெரியாத சொல்லிலும் அதையே நம்பலாம்.

அறிகுறி: சொல்லின் நடுவே நீளமாக ஒரு கோடு, எழுத்தே இல்லாதது போல

அது ஸீன் அல்லது ஷீன். அச்சில் மூன்று பல்லோடு இருக்கும் எழுத்து, கையில் வரும்போது பல்லை இழந்து மொட்டைக் கோடாகிவிடுகிறது. மேலே ஒன்றும் இல்லாவிட்டால் ஸீன். ஒரு சிறு கூரைக்குறி, அதாவது ^ மாதிரி ஒன்று இருந்தால் ஷீன். உருதுச் செய்தித்தாள் வாசிக்கும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இது பழகியிருக்கும், நஸ்தாலீக் பாணியிலும் ஸீன் இப்படி நீண்ட கோடாக வருவதுண்டு.

வெறுமனே இழுத்த இணைப்புக் கோடாக இருக்கலாமே என்று சந்தேகம் வரலாம். அச்சிலும் அலங்கார எழுத்திலும் வரியை நிரப்புவதற்காக இணைப்பை நீட்டுவார்கள். ருக்ஆவில் அந்த வழக்கம் பெரும்பாலும் கிடையாது, எல்லாம் குறுகலாக நெருங்கியே ஓடும். ஆகவே நீண்ட மொட்டைக் கோடு தென்பட்டால் முதலில் ஸீன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை என்று பொருள்படும் مستشفى என்ற சொல்லில் இதை நன்றாகப் பார்க்கலாம். அச்சில் பற்களின் கூட்டமாகத் தெரியும். கையெழுத்தில் வலப்பக்கத்திலிருந்து இப்படி வரும்: மை நிரம்பிய ஒரு சின்ன உருண்டை (மீம்), ஒரு மொட்டைக் கோடு (ஸீன்), ஒரே ஒரு பல், அதன்மேல் கிடைக்கோடு (தா), மறுபடி மொட்டைக் கோடு, அதன்மேல் கூரைக்குறி (ஷீன்), புள்ளியோடு ஒரு வளையம் (ஃபா), கடைசியில் பின்னோக்கி மடங்கும் வால். அச்சைவிட இதுதான் படிக்க எளிது என்றுகூடச் சொல்வேன். பல்லாகத் தெரிவது உண்மையாகவே ஒரு தனி எழுத்து, கோடாகத் தெரிவது ஸீன் குடும்பம். அச்சில் அந்தப் பிரிவு கண்ணுக்கு அவ்வளவு சுளுவாகப் படாது.

அறிகுறி: புள்ளிகள் கணக்குக்கு வரவில்லை

புள்ளிகளைக் கையெழுத்தில் எண்ணக் கூடாது, வடிவத்தைப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி புள்ளியாகவே இருக்கும். இரண்டு புள்ளி சேர்ந்து சிறு கிடைக்கோடாகிவிடும். மூன்று புள்ளி ^ ஆகிவிடும், அவசரக் கையில் அது ஒரு சின்ன வில்லாகவும் தேய்ந்துபோகும். பேனாவைத் தூக்கித் தூக்கிக் குத்துவதற்குப் பதிலாக ஒரே இழுப்பில் முடிப்பதுதான் இதன் நோக்கம்.

ஆக, بيت என்ற சொல்லில் (வீடு) முதல் பல்லுக்குக் கீழே புள்ளி, இரண்டாவது பல்லுக்குக் கீழே கோடு, கடைசி எழுத்துக்கு மேலே கோடு. بنت என்றால் (பெண்பிள்ளை) முதல் பல்லுக்குக் கீழே புள்ளி, இரண்டாவது பல்லுக்கு மேலே புள்ளி, கடைசியில் மேலே கோடு. இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். நடுவில் இருப்பது கீழ்க்கோடா மேல்புள்ளியா என்பதுதான் எல்லாம்.

இதில் பொதுவாக வரும் சிக்கல், புள்ளி எந்தப் பல்லுக்கு உரியது என்பது. எழுதுபவர் சொல் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் எழுதிவிட்டு, அப்புறம்தான் புள்ளிகளைப் போடுகிறார். கை ஏற்கெனவே இடப்பக்கம் நகர்ந்துவிட்டதால், புள்ளியும் இடப்பக்கம் தள்ளி விழுவது சகஜம். ஒரு புள்ளி எதன்மேலும் பொருந்தாமல் நின்றால், அதற்குச் சற்று வலப்பக்கம் இருக்கும் பல்லோடு வைத்துப் பாருங்கள். புள்ளி எங்கே விழுந்தது என்பதைவிட, மேலா கீழா, எது முதலில் எது பிறகு என்ற வரிசைதான் நம்பகமானது. புள்ளிகள் இடம் தள்ளும், வரிசை மாறுவது அபூர்வம்.

இன்னும் இரண்டு சங்கதி. எகிப்தியர்கள் சொல் முடிவில் வரும் யாவுக்குப் புள்ளியே போடுவதில்லை, அச்சில்கூட அப்படித்தான். ஆகவே في என்பது فى என்று நிற்கும். அலிஃபின் மேலும் கீழும் வரும் ஹம்ஸாவைக் கையெழுத்தில் எந்த நாட்டுக்காரரும் விட்டுவிடுவார்கள். அகராதியில் தேடும்போது أ, إ, ا மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஸபர், ஸேர், பேஷ் குறிகளை எதிர்பார்ப்பதை அடியோடு மறந்துவிடுங்கள்.

அறிகுறி: கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை, ஆனால் வாலில் ஒரு கொக்கி

அந்தக் கொக்கிதான் புள்ளி. சொல்லின் முடிவில் வரும் நூன், காஃப், ஷீன், ளாத் ض ஆகிய நான்கிலும் ருக்ஆ எழுதுபவர் புள்ளிக்காகப் பேனாவைத் தூக்குவதில்லை. கிண்ணத்தை வளைத்துக்கொண்டு வந்து, அதன் முனையிலேயே உள்நோக்கியோ மேல்நோக்கியோ ஒரு சுருட்டல் போட்டு முடித்துவிடுகிறார்.

இது தெரியாதவர் நூனைப் புள்ளியில்லாத ஏதோ ஒன்றாகப் படிப்பார், அல்லது ஷீனை ஸீன் என்று படிப்பார். எப்படிச் சரிபார்ப்பது? முனை சும்மா நின்றால் புள்ளியில்லாத எழுத்து, அதாவது ஸீன் அல்லது ஸாத் ص. முனை சுருண்டால் புள்ளியுள்ள ஜோடி, அதாவது ஷீன் அல்லது ளாத். கிண்ணத்துக்கு முன்னால் மொட்டைக் கோடு இருந்தால் ஸீன் குடும்பம், நீள்வட்டம் இருந்தால் ஸாத் குடும்பம், சின்ன உருண்டைத் தலை இருந்தால் காஃப், எதுவுமே இல்லாமல் நேராகக் கிண்ணம் தொடங்கினால் நூன். ஒரு சொல்லின் கடைசியில் ان என்று வருவது அரபியில் ஏராளம் என்பதால், சுருண்ட கிண்ணத்தை முதலில் நூனாக வைத்துப் பார்ப்பது லாபம்.

அறிகுறி: ر, د, و எது எதுவென்று பிரியவில்லை

மூன்றும் கோட்டின்மேல் சின்னதாக உட்கார்ந்திருப்பதால் வருகிற குழப்பம் இது. தொடக்கத்தைப் பாருங்கள். வாவுக்கு மை நிரம்பிய தலை இருக்கும், அச்சில் இருப்பது போலத் தலையில் ஓட்டை தெரியாது. தாலுக்குத் தலை இல்லை, ஆனால் ஒரு முனை திரும்பும். முந்தைய எழுத்தோடு சேர்ந்து வரும்போது கோடு மேலே ஏறி, ஒடிந்து, கீழே வரும். ராவில் அந்த ஏற்றம் கிடையாது, வந்த வேகத்தில் சரிந்து வளைந்து முடியும். ஏறி இறங்கினால் தால், இறங்கினால் மட்டும் ரா.

மை நிரம்பிய தலை என்பதை வாவோடு நிறுத்த வேண்டாம். மீமும், சொல்லின் தொடக்கத்தில் வரும் ஃபாவும் காஃபும் பொதுவாக இப்படி அடைத்த தலையோடுதான் வரும். நடுவில் வரும் ஐன் ع எழுத்தும் அச்சில் போலத் திறந்த முடிச்சாக இல்லாமல் அடைத்த சிறு முக்கோணமாக இருக்கும். ஃபாவும் காஃபும் சொல்லின் நடுவில் வரும்போது மட்டும் வளையம் திறந்திருக்கும். "மட்டும்" என்ற பொருளில் ரசீதில் தவறாமல் வரும் فقط என்ற சொல்லைப் பாருங்கள். முதலில் ஒரு புள்ளியோடு அடைத்த தலை, அது ஃபா. அடுத்து மேலே கிடைக்கோட்டோடு திறந்த வளையம், அது காஃப். இரண்டு தலையும் வேறு மாதிரி இருப்பதால் வேறு எழுத்துக் குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது.

அறிகுறி: எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன

அச்சில் எழுத்துகள் ஒரு கோட்டில் பக்கம் பக்கமாக வரிசையாக நிற்கும். ருக்ஆவில் சொல் வலப்பக்கம் உயரத்தில் தொடங்கி இடப்பக்கம் சரிந்துகொண்டே வந்து கோட்டில் முடியும். அதனால் சொல்லின் தொடக்கத்தை மேல்வரியோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. ح குடும்பத்து எழுத்து அல்லது மீம் நடுவில் வந்தால் சரிவு இன்னும் கூடும். முந்தைய எழுத்து அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

எந்தச் சீட்டிலும் கிடைக்கக்கூடிய محمد என்ற பெயரை மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு சிறு உருண்டை, அதன் இடப்புறம் கீழே ح எழுத்தின் முனை, அதற்கும் கீழே இன்னொரு உருண்டை, கடைசியில் தால் ஏறி இறங்கும். மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே இடப்பக்கம் நகர வேண்டும். வலமிருந்து இடமாக மட்டும் பார்த்தால் முதல் மூன்று எழுத்தும் ஒரே முடிச்சாகத்தான் தெரியும்.

நடுவில் வரும் ஹா ه இன்னொரு வேடிக்கை. அச்சில் இரண்டு கண் வைத்த முடிச்சு. ருக்ஆவில் கோட்டுக்குக் கீழே ஒரு V வெட்டு மட்டும். شهر (மாதம்) என்ற சொல்லில் மொட்டைக் கோடு, கூரைக்குறி, அப்புறம் கீழே ஒரு வெட்டு, அதன்பின் கோட்டின்மேல் ரா. அந்த வெட்டைத் தவறுதலாகப் பேனா வழுக்கியது என்று விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: தொகை இடிக்கிறது, 2ஆ 3ஆ?

எல்லாவற்றிலும் காசு போகக்கூடிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். அச்சில் ٢ என்பது இரண்டு, ٣ என்பது மூன்று. இரண்டின் தலையில் ஒரு பள்ளம், மூன்றின் தலையில் இரண்டு பள்ளம். கையெழுத்தில் பலர் இரண்டு இலக்கத்திலும் ஒவ்வொரு பள்ளத்தைக் குறைத்துவிடுகிறார்கள். இரண்டுக்குப் பள்ளமே இல்லை. ஒரு நிமிர்ந்த கோடும், அதன் உச்சியிலிருந்து வலப்பக்கம் போகும் ஒரு வளைவும்தான், கிட்டத்தட்ட Γ மாதிரி. மூன்றுக்கு ஒரு பள்ளம். அதாவது கையால் எழுதிய மூன்று, அச்சில் இருக்கும் இரண்டைப் போலவே இருக்கும்!

அச்சு மட்டும் பழகியவர் இந்த மூன்றை இரண்டு என்று படிப்பார், எந்தச் சந்தேகமும் வராது. பள்ளமில்லாத இரண்டைப் பார்த்தால் ஆறு ٦ என்று படிப்பார். ஆறின் தலைக்கோடு இடப்பக்கம் போகிறது (7 மாதிரி), இரண்டின் தலைக்கோடு வலப்பக்கம் போகிறது. கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல.

எல்லோரும் இப்படி எழுதுவதில்லை. மூன்றுக்கு இரண்டு பள்ளமும் தெளிவாகப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் எழுதியவர் எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நிச்சயமான வழி உண்டு: தேதி. 2025 போன்ற ஆண்டு எழுதியிருந்தால், அதன் முதல் இலக்கம் இரண்டாகத்தான் இருக்க முடியும். அந்த இரண்டுக்குப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் இல்லையென்றால், தொகையில் ஒரு பள்ளத்தோடு நிற்கும் இலக்கம் மூன்று. ஆண்டின் இரண்டுக்கே ஒரு பள்ளம் இருந்தால், இவர் அச்சைப் போல எழுதுபவர்.

தேதியைப் படிக்கும்போது வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: நாள், மாதம், ஆண்டு. ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் இலக்கங்கள் நமக்குப் பழகியபடி இடமிருந்து வலமாகவே இருக்கும். ஆண்டுக்குப் பக்கத்தில் م இருந்தால் ஆங்கில ஆண்டு, هـ இருந்தால் ஹிஜ்ரி. ஹிஜ்ரி ஆண்டு 14இல் தொடங்குவதால், மேலே சொன்ன சோதனை பெரும்பாலும் அதில் எடுபடாது. அப்போது தொகையைச் சொல்லில் எழுதியிருக்கும் வரிக்குப் போக வேண்டியதுதான்.

மற்ற எண்களில் பெரிய வம்பில்லை. சுழியம் ஒரு புள்ளி, ஐந்து ஒரு வட்டம், இதை மட்டும் நினைவில் வையுங்கள். வட்டத்தைப் பார்த்து சுழியம் என்று படித்தால் 1500 என்பது 1000 ஆகிவிடும்.

ஒரு ரசீதைப் படித்துப் பார்ப்போம்

வாடகை ரசீதுகளுக்கு அரபியில் ஏறக்குறைய மாறாத வாசகம் ஒன்று உண்டு. அது அச்சில் இப்படி இருக்கும்:

```
استلمت من السيد / ..... مبلغ وقدره ١٣٠٠ ريال
فقط ألف وثلاثمائة ريال لا غير
وذلك عن إيجار شهر شعبان
```

"இன்னாரிடமிருந்து 1300 ரியால் பெற்றுக்கொண்டேன். ஆயிரத்து முந்நூறு ரியால் மட்டும். ஷஅபான் மாத வாடகைக்காக." இதே வாசகம் வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதப்பட்டு, ஹிஜ்ரி தேதியோடு உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணைப் பார்த்தால் 1200 போலத் தெரிகிறது, அதாவது இரண்டாவது இலக்கத்துக்கு ஒரே ஒரு பள்ளம். நீங்கள் கொடுத்தது 1300. ஹிஜ்ரி ஆண்டில் சோதித்துப் பார்க்க இரண்டு என்ற இலக்கம் இல்லை.

இங்கே எழுத்துக்கு எழுத்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் உறுதியானவற்றில் நங்கூரம் போடுங்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் சாய்கோடு, சாய்வாக வெட்டிக்கொள்ளும் லாம்-அலிஃப் لا, பிறகு இரண்டு முறை வரும் ريال. ரியால் என்ற சொல் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். கோட்டின்மேல் ரா, கீழே கோட்டோடு ஒரு பல், அலிஃப், லாம். இவர் ராவை எப்படி எழுதுகிறார், யாவின் இரண்டு புள்ளியை எப்படி இழுக்கிறார் என்பது இரண்டும் அதிலேயே கிடைத்துவிடும். அதைக் கொண்டு முதல் வரியில் உள்ள وقدره சொல்லைப் பாருங்கள். வாவ், கிடைக்கோட்டோடு அடைத்த தலை, அது ஏறி இறங்கினால் தால், அடுத்து வெறும் சரிவு ரா, கடைசியில் சின்ன நீள்வட்டமாக ஹா. தாலும் ராவும் அடுத்தடுத்து நிற்பதால், இவர் கையில் அவை எப்படி வேறுபடுகின்றன என்று இந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது தொகை. இரண்டாம் வரியில் ألف அடையாளம் தெரிந்துவிடும். அதற்கு அடுத்த சொல் "இருநூறு" என்றால் ومائتان (பேச்சு வழக்கில் ومائتين என்றும் எழுதுவார்கள்), "முந்நூறு" என்றால் وثلاثمائة. இரண்டிலும் எல்லா எழுத்தையும் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றில் ஸா ث இரண்டு முறை வருகிறது, ஆகவே சொல்லுக்கு மேலே இரண்டு கூரைக்குறிகள் இருக்கும். நடுவே ஒரு لا வெட்டும் இருக்கும். இருநூறில் கூரைக்குறி ஒன்றுகூட வர வழியில்லை, வாவுக்கு அடுத்ததே மீமின் உருண்டையாக இருக்கும். மேலே இரண்டு ^ தெரிகிறதா? முடிந்தது, முந்நூறுதான். முதல் வரியில் ஒரு பள்ளத்தோடு நின்றது மூன்று.

இதில் இன்னொரு வரவும் இருக்கிறது. இந்த ஆள் மூன்றை ஒரு பள்ளத்தோடு எழுதுபவர் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவருடைய பழைய ரசீதுகளையெல்லாம் எடுத்து ஒருமுறை பார்த்துவிடலாம்.

மூன்றாம் வரியில் எந்த மாதம்? شهر சொல்லுக்கு அடுத்து வருவது மொட்டைக் கோடு, கூரைக்குறி, ஆகவே ஷீனில் தொடங்கும் மாதம். ஹிஜ்ரி மாதங்களில் அப்படி இரண்டே இரண்டுதான்: ஷஅபான் شعبان, ஷவ்வால் شوال. ஷவ்வால் என்றால் ஷீனுக்குப் பிறகு வாவ் வந்து சொல் உடைந்துபோகும், கடைசியில் உயரமான லாம் நிற்கும். ஷஅபான் என்றால் ஷீனை ஒட்டி அடைத்த முக்கோணம், கீழே புள்ளியோடு ஒரு பல், அலிஃப், பிறகு தனியாக ஒரு சுருண்ட கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்கு மேலே புள்ளியைத் தேட வேண்டாம், சுருட்டலில் அது அடங்கிவிட்டது.

إيجار (வாடகை) சொல்லில் ஹம்ஸா இருக்காது. யாவின் கோடும் ஜீமின் புள்ளியும் சேர்ந்து கீழே ஒரு குவியலாகக் கிடக்கும், யாவின் பல் ஜீமின்மேல் ஏறியிருக்கும். ஆனால் அலிஃபில் தொடங்கி, ராவில் முடிந்து, شهر சொல்லுக்கு முன்னால் நிற்கும் சொல் ரசீதில் வேறு என்னவாக இருந்துவிடப்போகிறது? கையெழுத்து வாசிப்பில் பாதி இப்படித்தான். அரபுக்காரர்களும் எழுத்தைக் கூட்டிப் படிப்பதில்லை, சொல்லின் உருவத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள். வாசகம் தெரியாத இடத்தில், குறிப்பாக ஆட்பெயர், ஊர்ப்பெயர், உதிரிப்பாகத்தின் பெயர் போன்றவற்றில், அவர்களும் தடுமாறுவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சொல் பிடிபடவில்லை என்றால்

ஊகத்தைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. Google Docs போன்ற ஒன்றில் நீங்கள் நினைக்கும் சொல்லை அரபியில் தட்டச்சு செய்து, எழுத்துருவை `Aref Ruqaa` என்று மாற்றுங்கள். ருக்ஆ விதிப்படி செய்யப்பட்ட இலவச எழுத்துரு அது. பக்கத்திலேயே அதே சொல்லை `Amiri` எழுத்துருவில் வைத்தால் நஸ்க் வடிவம் கிடைக்கும். சீட்டில் உள்ளதை முதலாவதோடு ஒப்பிடுங்கள். சொல் சரி என்றால் சரிவும் உருண்டைகளும் ஏறத்தாழ ஒத்துப்போகும். திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு, அதாவது மாதங்கள், கிழமைகள், எண்ணுப்பெயர்கள், استلمت, مبلغ, إيجار ஆகியவற்றுக்கு, இப்படி ஒரு பக்கம் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைப்பது எந்தப் பயிற்சிப் புத்தகத்தையும்விட உதவும். எழுத்துரு ஒழுங்கானது, மனிதக் கை அப்படியில்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கல்யாண அழைப்பிதழும் சான்றிதழும் படிக்க வரவில்லையென்றால், அது பெரும்பாலும் திவானி பாணி, இந்த விதிகள் அதற்குச் செல்லாது. எழுத்துகள் சுழன்று ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அச்சில் ஒட்டாத எழுத்துகூட அங்கே ஒட்டிக்கொள்ளும். அழைப்பிதழில் தேவையான தேதி, இடம், பெயர்களைச் சின்ன எழுத்தில் நஸ்கிலும் போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பள்ளிவாசல் சுவரிலும் சவுதிக் கொடியிலும் இருப்பது துலுத். அதை அரபுக்காரர்களே பெரும்பாலும் வாசகம் தெரிந்துதான் படிக்கிறார்கள்.

மொரோக்கோ, அல்ஜீரியாக்காரர் எழுதிய சீட்டு என்றால் கவனம். அங்கே மக்ரிபி மரபு வேறு. பழைய முறைப்படி எழுதுபவர் ஃபாவுக்குப் புள்ளியைக் கீழே போடுவார், காஃபுக்கு மேலே ஒரே புள்ளி. நம் கண்ணுக்கு அந்தக் காஃப் முழுக்க முழுக்க ஃபாவாகத் தெரியும். எண்ணில் மட்டும் தொல்லையில்லை, அவர்கள் 1, 2, 3 என்றே எழுதுவார்கள்.

பண விஷயம் என்றால் இந்த வித்தை எதையும் நம்பி வீட்டுக்கு வந்து உட்கார வேண்டாம். ரசீதைக் கையில் வாங்கும்போதே "லவ் சமஹ்த், இக்ரா லீ" என்று சொல்லி, எழுதியவரையே ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் வாசிக்க வாசிக்க நீங்கள் சீட்டைப் பாருங்கள். தொகைக்குப் பக்கத்தில் 1300 என்று நம் எண்ணிலும் எழுதித் தரக் கேட்டால், யாரும் பெரும்பாலும் மறுப்பதில்லை.